ஐந்தாம் வாரத்தில் மறந்த முதல் வாரம்

அரசாங்க அலுவலகங்களில் முகாமைத்துவ உதவியாளர் வேலைக்கான போட்டிப் பரீட்சை. வயது எல்லைப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பொது அறிவுக்கு வாங்கிய வழிகாட்டியில் வாரத்துக்கு ஒரு தலைப்பு என்று அட்டவணை இருந்தது. அதன்படியே படித்தேன்.

ஐந்தாம் வாரம், வெள்ளவத்தைத் துணிக்கடையில் மதிய இடைவேளை. என்னோடு வேலை செய்யும் கொட்டாஞ்சேனைக்காரியும் அதே பரீட்சைக்குப் படித்தாள்.

"தேசியப் பட்டியல் எம்பிமார் எத்தனை பேர் அக்கா?"

முதல் வாரப் பாடம். எனக்கு வரவில்லை.

"இருபத்தொன்பது. படிக்கேல்லயா?"

"படிச்சு டிக்கும் போட்டனான்."

"டிக் புத்தகத்தில இருக்கு. மண்டையில ஒண்டும் இல்ல."

அட்டவணையில் படித்ததைத் திரும்பப் பார்க்கும் மீட்டலுக்கு ஒரு நாள்கூட இல்லை. எழுதினவனைத் திட்டிக்கொண்டே அதைக் கிழித்தேன். அதன்பின் காலையில் புதுத் தலைப்பு, மதியம் அவள் பழைய தலைப்புகளில் பத்துக் கேள்வி கேட்பாள். ஒன்று பிழையானாலும் என் மதியச் சாப்பாடான மீன் பணிஸில் பாதி அவளுக்கு. பல நாள் அரை வயிற்றோடு எரிச்சலில் படித்தேன்.

பரீட்சைக்கு முந்திய நாள் பத்தும் சரி. பணிஸ் முழுவதும் எனக்கு.

"இனி எனக்கு யார் சோறு போடுறது?" என்றாள்.

பெறுபேற்றில் இரண்டு பேரும் தெரிவாகியிருந்தோம். அன்று அவளுக்கு முழுப் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன், கேள்வி எதுவும் கேட்காமல்.