கோணம் எழுதாத தாள்

ராசிபுரத்தில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் கிளினிக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் உண்டு. நானே கட்டம் போட்டது: தேதி, எந்தக் கை, எத்தனை கிலோ, வலி உண்டா. எதையும் வரிசையாக எழுதிவிட்டால் தவறாது என்று நம்பியிருந்தேன்.

அந்த அக்கா நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவர். வழுக்கி விழுந்து இடது முழங்கையில் எலும்பு விரிசல். கட்டுப் பிரித்ததும் என்னிடம் வந்தார். ஐந்து அட்டை முட்டையை ஒன்றாகத் தூக்க முடிந்தால் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், இல்லையென்றால் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

முதல் நாள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் சொல்லி, விசை காட்டும் சிறு கருவியை மணிக்கட்டில் வைத்து எதிர்த்துப் பிடித்தேன். அவர் மடக்கப் பார்த்தார். எட்டுக் கிலோ. வலது கையில் பதின்மூன்று.

மூன்று வாரம் கழித்து, அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, நாற்காலிகள் நிரம்பியிருந்தன. கட்டிலில் படுக்கவைத்து அளந்தேன். ஆறு.

"கொறஞ்சிருக்குங்க அக்கா" என்றேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, உடனே சொல்லிவிடுவது என் வழக்கம்.

அவர் இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "தெனமும் பண்ணுனேனுங்க அம்மிணி. ஒரு நாளும் உடுல." பிறகு வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். "ஆள் பாத்துக்கச் சொல்லிட்டனுங்க. பாவம், அவிங்களும் எத்தன நாளைக்குக் காத்திருப்பாங்க."

பக்கத்துக் கட்டிலில் தோளுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "அந்த மிசினுல என்ற கையையும் வெச்சுப் பாருங்க சாமி. படுத்துக் கெடக்கறவனுக்கு எல்லாமே கொறைவாத்தான் காட்டும்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் நான் தாளைத் திரும்பிப் பார்த்தேன். எண்கள் இருந்தன. எந்தக் கோணத்தில் அளந்தேன் என்பதற்குக் கட்டமே இல்லை. இன்று அவர் கை கட்டிலில் கிட்டத்தட்ட நீட்டியபடி இருந்தது.

"அக்கா, மறுபடியும் படுங்க. இப்ப நல்ல கையி."

அதே நீட்டிய நிலையில் வலது கை எட்டுக் கிலோ காட்டியது. ஒருநாளும் அடிபடாத, பதின்மூன்று காட்டிய கை. பிறகு நாற்காலி ஒன்றைக் காலி செய்து, இடது முழங்கையைச் செங்கோணத்தில் வைத்து அளந்தேன். பத்து.

"கொறையலீங்க. ரெண்டு கூடியிருக்கு. நாந்தான் தப்பா அளந்துட்டேன்."

அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். தோளிலிருந்து வரும் தசை முழங்கை மூட்டைத் தாண்டிச் சற்றுத் தள்ளி முன்கை எலும்பில் ஒட்டியிருப்பதைத் தொட்டுக் காட்டினேன். கை நீட்டியிருக்கும்போது அதன் இழுப்பு எலும்பை ஒட்டியே ஓடுகிறது. மூட்டுக்கும் அந்த இழுப்புக் கோட்டுக்கும் இடைவெளி குறைவு. செங்கோணத்தில் இடைவெளி அதிகம், அதனால் அதே இழுப்பு முன்கையை அதிக வலுவோடு திருப்பும். முழுக்க மடக்கினால் மறுபடி குறையும்.

அவர் யோசித்தார். "எங்க பண்ணைல கேட்டுக்குக் கவுறு கட்டியிருக்குமுங்க. கேட்டோட ஒட்டுனாப்ல நின்னு இழுத்தா அசையாது. குறுக்க நின்னு இழுத்தா ஒரு கையில வந்துரும். அதுங்களா?"

"அதேதானுங்க."

"அப்பறம் ஏனுங்க, ஊட்ல முட்டை அட்டை தூக்கிப் பாக்கறப்ப பாதியிலதான் கை நடுங்குது? பாதிலதான பலம்னீங்க?"

நியாயமான கேள்வி. என் கருவியை எப்போதும் முன்கைக்கு நேர்குறுக்காகவே பிடிப்பேன். மூட்டிலிருந்து அதன் தூரம் எந்தக் கோணத்திலும் மாறாது. தூக்கும் எடை அப்படியல்ல. கை தொங்கும்போது அது மூட்டுக்கு நேர்கீழே இருக்கிறது; முன்கை தரைக்கு இணையாகும்போதுதான் மூட்டிலிருந்து மிகத் தள்ளிப் போகிறது. தசைக்கும் அங்கே வசதி கூடுகிறது, ஆனால் எடைக்கு அதைவிட அதிகமாகக் கூடிவிடுகிறது. "எட அங்க செயிச்சுருதுங்க" என்றேன்.

"அப்ப அத கிட்டக்க கொண்டாந்துட்டாப் போவுது" என்றார் அவர்.

ஒரு பெட்டியில் மணல் மூட்டைகளை ஒன்பது கிலோவுக்கு அடுக்கினோம். ஐந்து அட்டை அவ்வளவு இருக்கும் என்று அவரே சொன்னார். விரல்நுனியில் ஏந்தியபோது பாதியில் நடுங்கியது. மேசை விளிம்பிலிருந்து வயிற்றோடு அணைத்து, முன்கைகளை அடியில் கொடுத்துத் தூக்கியபோது நடுக்கம் இல்லை. வாசல் வரை நடந்து திரும்பினார். வலியில்லை என்றார், எழுதிக்கொண்டேன்.

"இப்ப எப்புடிங்க சொல்றது? வரலீன்னு சொல்லிப்போட்டேனே."

போனை நான் கேட்டு வாங்கினேன். சூப்பர்வைசரிடம், அளந்ததில் தவறு என்னுடையது, அந்த அக்காவுடையது அல்ல என்றேன். அட்டைகளைத் தரையிலிருந்து எடுக்கவிடாமல் மேசையில் வைக்க முடியுமா என்றும் கேட்டேன்.

"மேசையெல்லாம் இருக்குதுங்க. திங்கக்கெழம ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க. மத்தது பாத்துக்கலாம்."

பெரியவர் ஒத்தடத்தைத் தள்ளிவிட்டு, "எனக்கும் ஒருக்கா ஒக்கார வெச்சு அளந்துருங்க" என்றார். அவருக்காகப் புதுத் தாள் எடுத்தேன். முதல் கட்டத்தில் தேதிக்கு முன்பாகக் கோணம் என்று எழுதினேன்.