ஒரு வாரம் எங்களுடையது

இரும்பு லாக்கர் செய்யும் பட்டறை அவருடையது. சொந்தப் பெயர் பெயர்ப்பலகையில் இருந்தாலும், வாடிக்கையாளர்கள் மத்தியில் அவருக்குப் பெயர் 'சரிங்க'. விலையைக் குறைக்கச் சொன்னால் சரிங்க. கதவுக்கு வேறு பூட்டு கேட்டால் சரிங்க. பில்லில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அனுப்பினால் அதற்கும் ஒரு சரிங்க. பல வருஷம் இன்னொருவர் கம்பெனியில் தகடு மடிக்கும் மெஷினில் நின்றுவிட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்த மனுஷன். ஆர்டர் கொடுக்கிறவர் முகம் சுளித்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஊழியர்கள் உடை மாற்றும் அறைகளுக்காக லாக்கர் செய்து கொடுத்திருந்தார்கள். பட்டறைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். சரக்கு இரண்டு தவணையாகப் போய்ச் சேர்ந்தது. பணமும் வந்தது, குறைவாக.

கணக்கு பார்ப்பது அவர் மனைவி. பேங்க் மெசேஜைப் பார்த்தவள், கூடவே வந்திருந்த மெயிலைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க. லேட்டா அனுப்பினோம்னு அபராதம் பிடிச்சிருக்காங்க. மொத்த பில்லுல அஞ்சு சதவீதம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். ஐந்து வாரத் தாமதம், வாரத்துக்கு ஒரு சதவீதம், ஆக ஐந்து. இரண்டே வரிதான். அந்த ஆர்டரில் மிஞ்ச வேண்டிய லாபமே ஏறக்குறைய அவ்வளவுதான். தகடு கொடுத்த கடைக்காரருக்கு அந்த வாரம் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"சரி, விடு," என்றார்.

"எதை விடறது?" மனைவி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "போன வருஷம் பிடிச்சாங்க, விட்டோம். அதே வருஷம் இன்னொரு தடவை பிடிச்சாங்க, விட்டோம். இந்தத் தடவை விட்டா தகட்டுக் கடைக்காரர் நம்மள விடமாட்டார்."

வேன் ஓட்டுவதும் சரக்கு இறக்குவதும் மனைவியின் தம்பி பொறுப்பு. நல்ல பையன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். விஷயம் காதில் விழுந்ததும் உள்ளே வந்து மேஜையைத் தட்டினான்.

"அஞ்சு வாரமா? மாமா, மாதிரி கலரைப் பார்த்து ஓகே சொல்றதுக்கே அவங்க மூணு வாரம் எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் நான் வேனோட போய் கேட்ல நின்னப்ப, ஸ்டோர்ல சரக்கு எண்ணிட்டு இருக்கோம், ஒரு வாரம் கழிச்சு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் எழுதறேன் லெட்டர். பாருங்க."

எழுதவும் செய்தான். 'உங்கள் அநியாயத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று ஆரம்பித்த அந்தக் கடிதம், 'சட்டப்படி சந்திப்போம்' என்று முடிந்தது. நடுவில் ஒரு தேதிகூட இல்லை. அக்கா படித்துப் பார்த்துவிட்டு அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

அடுத்து எழுதினது நம்ம ஆள். அதில் 'தாழ்மையுடன்' மட்டும் நான்கு இடத்தில் இருந்தது. தாங்கள் தவறாக எண்ணக்கூடாது, தங்கள் மனம் நோகாமல், தங்களால் இயன்றால். மனைவி பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் முகவரியும் கையெழுத்தும்தான் மிஞ்சின.

"கடனா கேக்கறோம்? நம்ம பணம்தானே. ஆர்டர்ல என்ன போட்டிருக்கு, என்ன நடந்துச்சு, எவ்வளவு திருப்பித் தரணும். இது மூணும் போதும்."

ஆர்டரை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அதில் தெளிவாகவே இருந்தது. மாதிரிக்கு ஒப்புதல் தந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் சரக்கு வந்து சேர வேண்டும். தாமதமானால், தாமதமான சரக்கின் மதிப்பில் மட்டும் வாரத்துக்கு ஒரு சதவீதம் பிடிக்கலாம், ஐந்துக்கு மேல் போகக்கூடாது. ஆஸ்பத்திரியோ ஆர்டர் போட்ட நாளிலிருந்தே ஆறு வாரத்தை எண்ணியிருந்தது. அதோடு, முதல் தவணையில் நேரத்துக்குப் போன பாதிச் சரக்குக்கும் சேர்த்து அபராதம் போட்டிருந்தது.

அவர் விரல்விட்டு எண்ணினார். மாதிரிக்குப் போன மூன்று வாரம் அவர்களுடையது. வேன் திரும்பி வந்த ஒரு வாரமும் அவர்களுடையதுதான். மீதி ஒரு வாரம்?

மூவரும் பட்டறை மூலையிலிருந்த பெயின்ட் அடித்த கதவுகளைச் சூட்டில் காயவைக்கும் மின்சார அடுப்பைப் பார்த்தார்கள். இரண்டாம் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஹீட்டர் காயில் எரிந்துபோனது. புதுசு வந்து சேர ஒரு வாரம் ஆனது.

"அதை எழுத வேண்டாம் மாமா," என்றான் மச்சினன். "அடுப்பு வெடிச்சதா அணைஞ்சதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அஞ்சு வாரமும் அவங்க தப்புன்னு போடுவோம். அவங்க பேசிக் குறைக்கட்டும்."

"தேதியைக் கூட்டிப் பார்த்தா ஒரு வாரம் இடிக்கும், மாப்ள. இடிச்சா மத்த நாலையும் சந்தேகப்படுவாங்க." ஆர்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அது போக, காயில் எரிஞ்சது நிஜம்தானே."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். எழுதச் சொன்னாள்.

கடைசியில் அனுப்பின கடிதம் ஒரு பக்கம்தான். ஆர்டர் எண், பில் எண், பிடித்தம் பற்றிய மெயிலின் தேதி எல்லாம் மேலே. கீழே இப்படி:

'மேற்படி பிடித்தத்தை நாங்கள் முழுமையாக ஏற்கவில்லை. ஆர்டரின்படி ஆறு வாரக் கெடு, மாதிரிக்குத் தாங்கள் ஒப்புதல் தந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. ஒப்புதல் மெயிலின் நகல் இணைப்பில் உள்ளது. முதல் தவணை கெடுவுக்குள் சேர்ந்துவிட்டதால் அதன்மேல் அபராதம் பொருந்தாது. இரண்டாம் தவணை தங்கள் வாசலுக்கு வந்த நாளை, காவலர் முத்திரையிட்ட டெலிவரி சீட்டு காட்டும். ஸ்டோர் மூடியிருந்த வாரத்தை எங்கள் தாமதமாகக் கொள்ளக்கூடாது. எங்கள் இயந்திரப் பழுதால் ஏற்பட்ட தாமதம் ஒரு வாரம். அதற்கு இரண்டாம் தவணை மதிப்பில் ஒரு சதவீதத்தை ஏற்கிறோம். மீதித் தொகையை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தங்கள் கணக்கு வேறாக இருந்தால், அதைப் போட்ட விதத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.'

அனுப்பும் பட்டனை மனைவிதான் அழுத்தினாள். அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவருக்கு நாட்களாகவே இல்லை. இனி ஆர்டர் வராது என்று முடிவே கட்டிவிட்டார். தகடு மடிக்கும்போது அளவைத் தப்பாக வைத்து இரண்டு கதவை வீணாக்கினார். போன் அடித்தால் மனைவியிடம் நீட்டினார். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த போனும் வந்தது. கொள்முதல் அலுவலர் நேரில் பேச வேண்டுமாம், எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

"போச்சு," என்றார்.

"போய் உட்கார்ந்து லெட்டர்ல இருக்கிறதையே சொல்லுங்க. புதுசா எதுக்கும் சரிங்கன்னு தலையாட்டிட்டு வராதீங்க," என்றாள் மனைவி. தம்பியிடம், "நீ வாயே திறக்காதே," என்றாள்.

கொள்முதல் அலுவலர் ஓர் அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதை மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். இவர்கள் இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

"உட்காருங்க. லாக்கர்க்காரங்கதானே? உங்க லெட்டர் பார்த்தேன்."

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க," என்று ஆரம்பித்தார் அவர்.

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?" கண்ணாடி கைக்கு அகப்பட்டது. "அபராதத்தை நான் போடலைங்க. கம்ப்யூட்டர் போடுது. ஆர்டர்ல ஒரு தேதி ஏத்தியிருக்கும், கடைசிச் சரக்கு ஸ்டோர்ல பதிவான தேதி ஒண்ணு இருக்கும். ரெண்டையும் கழிச்சுப் பிடிச்சிடும். மாதிரி ஓகே ஆனதும் தேதியை நாங்க மாத்தியிருக்கணும். மாத்தலை. அது எங்க தப்பு. ஆனா நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் என்னால திருத்தவே முடியும். காகிதம் இல்லாம ஒரு பைசா திருப்பினா, ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க."

அவருக்குச் சட்டென்று எதுவும் விளங்கவில்லை. திட்டு வாங்கத்தான் தயாராகி வந்திருந்தார்.

அந்த அம்மா கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனார். மூன்று வாரம், சரி. முதல் தவணை, சரி. மெஷின் பழுது ஒரு வாரம், நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ஸ்டோர் மூடியிருந்த வாரத்தில் பென்சில் நின்றது.

"இது மட்டும் என்னால முடியாது. வண்டி வந்தது நிஜம், கேட்ல பதிவாகியிருக்கு. ஆனா அந்த வாரம் சரக்கு எடுக்கமாட்டோம்னு எல்லா சப்ளையருக்கும் முன்கூட்டியே மெயில் போட்டோமே. உங்களுக்கும் வந்திருக்கு."

திரையைத் திருப்பிக் காட்டினார். மெயில் போயிருந்தது சரக்கு அனுப்பும் பிரிவின் முகவரிக்கு. அதைப் பார்க்கும் பொறுப்பு வேன் ஓட்டுகிறவனுடையது.

மச்சினன் திரையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான். வாயைத் திறக்காதே என்று அக்கா சொன்னதை அன்று அவன் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினான்.

அவர் யோசித்தார். பழக்கத்தில் தலை தானாக ஆடப் பார்த்தது. ஆனால் முதலில் மெயிலின் தேதியைப் படித்தார். வேன் கிளம்புவதற்கு வெகு முன்னால் வந்திருந்தது.

"அப்ப இந்த வாரத்தையும் எங்க கணக்குல வெச்சுக்கங்க மேடம். ஆக ரெண்டு வாரம். ஆனா ரெண்டாவது தவணைமேல மட்டும்."

"அதேதான். ரெண்டு சதவீதம், பாதிச் சரக்குமேல. பிடிச்சதுல அஞ்சுல நாலு பங்கு திரும்பி வரும். திருத்தின கணக்கை இன்னைக்கே அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பறேன். அடுத்த தடவை பணம் போடும்போது சேர்ந்து வந்திடும்."

அவர் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மேடம், போன வருஷமும் இப்படித்தான் ரெண்டு தடவை..."

"அந்த வருஷக் கணக்கு மூடியாச்சுங்க. அப்பவே ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா பார்த்திருக்கலாம்." அந்த அம்மாவின் குரலில் வருத்தம் இருந்தது. "புதுப் பிரிவுக்கு அலமாரி வேணும், விலை கேட்டு லிஸ்ட் போயிருக்கு. உங்க பேரும் இருக்கு. இந்தத் தடவை, மாதிரிக்கு ஓகே சொல்ல நாங்க லேட் பண்ணா அன்னைக்கே மெயில் போடுங்க. தேதியை மாத்திடறேன்."

வெளியே வந்ததும் வண்டி நிறுத்துமிடத்தின் கட்டைச்சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"அஞ்சுல நாலு பங்கு வருது. அலமாரிக்கும் விலை கேட்டிருக்காங்க."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. "ஒரு பங்கு ஏன் வரலை?"

அவர் மச்சினனைப் பார்த்தார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வீட்டுக்கு வந்து சொல்றேன்," என்றார்.

போன் வைத்ததும் மச்சினன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, அந்த மெயில் முகவரியை அக்காகிட்டயே கொடுத்திடலாமா?"

"அதை நீயே சொல்லிடு மாப்ள. திட்டு கொஞ்சம் கம்மியா விழும்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வேனில் ஏறியதும் அவர் கண்ணை மூடினார். பல நாள் தூக்கம் பாக்கி. அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்வதைப் பார்த்த மச்சினன் ரேடியோவை அணைத்தான். முன்னால் ஒரு லாரி ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. வீடு வருகிற வரைக்கும் அவன் ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை.