சிலுவைராஜ் மிஸ்திரியின் மணல் கணக்கு

சிலுவைராஜ் மிஸ்திரியோடு சண்டை போடாமல் டெலானிபூரில் யாரும் வீடு கட்டியதில்லை. நானும் போட்டேன். ஃபீனிக்ஸ் பே துறைமுகக் கவுண்டரில் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் கத்துகிறவர்களை நாள் முழுக்கச் சமாளிக்கிற எனக்கே அந்த மனுஷனிடம் மூச்சு வாங்கியது.

அவர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். எங்கள் தீவுக்கு மீன் பிடிக்க வந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் கொத்தனார் கரண்டியைப் பிடித்தவர். மணல் குவியலைக் கண்டால் கை சும்மா இருக்காது; கயிற்றால் அடியைச் சுற்றி அளந்துவிடுவார். அந்தச் சுற்றளவில் ஆறில் ஒரு பங்குதான் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தூரம். மூன்றடி உள்ளே போனால் மணல் இரண்டடி ஏறியிருக்கும் என்பது அவர் வாய்ப்பாடு. அதில் உயரம் வந்துவிடும். தூரத்தைத் தூரத்தாலேயே பெருக்கி, உயரத்தால் இன்னொரு முறை பெருக்கினால் கன அடி.

"கொஞ்சம் கூடத்தான் காட்டும் மேடம். நூத்துக்கு அஞ்சு தள்ளிருங்க, பஸ்" என்பார். எங்கள் ஊர் இந்தியில் 'அவ்வளவுதான்' என்று அர்த்தம்.

எங்களுக்கு மணல் கப்பலில் வந்தால்தான் உண்டு. என் மாடிக் கூரைக்கு வந்தபோது அவர் கட்சால் தீவில் ஒரு வேலையில் இருந்தார். ஆட்கள் கொல்லையில் கூராகக் குவித்துவிட்டுப் போனார்கள். பின்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு, மணல் காய்ந்து, அவர் திரும்பி வந்து, கான்கிரீட் போடுகிற காலையில்தான் கயிறு சுற்றினார்.

"சுத்து முப்பத்தாறு, நடுவுக்கு ஆறு. ஆறாறு முப்பத்தாறு, ஒசரம் நாலு. நூத்தி நாப்பத்தி நாலு. தள்ளினது போக நூத்தி முப்பத்தேழு. நமக்கு நூத்தி முப்பது போதும்லா? மிஷினை ஓட்டுங்கடே."

நான் குவியலின் ஓரத்தைப் பார்த்தேன். கீழ்வீட்டுக் கூரையை வேறொரு மிஸ்திரி போட்டபோது, பாதியில் மணல் தீர்ந்து, மீதியைப் பிறகு ஒட்டினார். மாடி ஏறாத சமையல்கட்டுப் பக்கம் அந்த ஒட்டில் இன்றைக்கும் ஒழுகுகிறது. மழைக்காலம் முழுக்க வாளி வைத்துக்கொண்டுதான் சமைக்கிறேன். மாடியிலும் அந்த கதி வந்தால் நான் தாங்க மாட்டேன்.

"அண்ணே, அந்தத் துணி துவைக்கிற கல்லைப் பாருங்க. மணல் கொட்டுன அன்னைக்கு அது குவியலுக்கு வெளியே இருந்துச்சு. இப்ப மணல் அதோட காலை மூடியிருக்கு."

"மணல் நெறைய இருக்குன்னு சந்தோஷப்படுங்க."

"மழை பேஞ்சா மணல் குட்டி போடுமா? உச்சி கரைஞ்சு கீழ படர்ந்திருக்கு. நீங்க படர்ந்த சுத்தளவை எடுத்துக்கிட்டு, கூரா நின்னப்ப இருந்த ஏத்தத்துக்கு உயரம் போடுறீங்க."

"இருவது வருஷமா இதே கணக்குதான் மேடம். கப்பல்ல எத்தனை டிக்கெட்னு நான் ஒங்களுக்குச் சொல்லித் தந்தேனா?"

"சரிவு மேல ஒரு பலகையை வச்சு ஏத்தத்தை அளந்து பாருங்க. வைக்காம மிஷின் ஓடாது." நான் கலவை மிஷின் முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் மனைவி அமுதம் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, "வச்சுத்தான் பாருங்களேன்" என்றாள்.

முறைத்துக்கொண்டே சரிவின் மேல் பலகையைக் கிடத்தினார். ரசமட்டம் பிடித்து, ஓரத்திலிருந்து மூன்றடி மட்டமாக அளந்தார். அங்கே பலகை ஏறியிருந்தது ஒன்றரை அடிதான். அவர் நம்பவில்லை. குவியலின் மறுபக்கம் வைத்தார். அங்கேயும் ஒன்றரை.

மூன்றுக்கு ஒன்றரை என்றால் ஆறுக்கு மூன்று. உயரம் நாலில்லை, மூன்று. வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார்.

"நூத்தியெட்டு. தள்ளினா நூத்தி மூணு. அய்யோ, இருவத்தேழு அடி கொறையுதே" என்றவர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் துளியும் சந்தோஷம் வரவில்லை. அடுத்த மணல் கப்பல் இப்போதைக்கு இல்லை என்று எங்கள் ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அவர் எழுந்து ஆட்களிடம், "இன்னைக்கு இல்ல, கல் சுபே, நாளைக்குக் காலையில வாங்க. என் தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

மறுநாள் விடியும்போது கொல்லையில் இன்னொரு சின்னக் குவியல் இருந்தது. எங்கே பிடித்தீர்கள் என்றதற்கு, "தெரிஞ்ச எடம்" என்றதோடு சரி. பொழுது சாய்வதற்குள் கூரை ஒரே மூச்சில் முடிந்தது. ஒட்டே இல்லை.

அந்த வாரம் அமுதத்துக்குப் புடவை கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்சுவர் பாதி பூசி, பாதி செங்கலாக நின்றது.

"பூச்சுக்கு வச்சிருந்த மணலுதான் ஒங்க கூரையில கெடக்கு" என்று அமுதம் சிரித்தாள். அந்த மனுஷனை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்.

அடுத்த கப்பல் வந்ததும், மணலை மணலாகத் திருப்புகிற எங்கள் ஊர் வழக்கப்படி, முதல் வண்டியை அவர் வாசலுக்கு அனுப்பிவிட்டு நானும் கூடவே போனேன்.

"அளக்காம வாங்கிக்கங்கண்ணே. கூட இருந்தாலும் இருக்கட்டும்."

"அதெப்படி?" என்று உள்ளே போனார். கயிறு எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். பலகையோடு வந்தார்.