துலா வானத்தைப் பார்த்த இரவு

அம்மப்பாவின் கதைக்குச் சுருட்டு மணம் இருந்தது. விளக்கை அணைத்தபின் பாயில் என் பக்கத்தில் அவர் சாய்ந்ததும் முதலில் அந்தக் காரமான மணம் வரும், பிறகு தொண்டையைச் செருமும் சத்தம், அதற்குப் பிறகுதான் ஆட்டுக்குட்டி வரும்.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் யுத்தத்தால் மின்சாரமில்லாத வருடங்கள் அவை. தாயைத் தொலைத்த குட்டியொன்று பொழுதுபடும் நேரத்தில் கிணற்றடிக்குப் போய், தண்ணீர் அள்ளும் ஏற்றமரமான துலாவிடம், “துலாவே துலாவே, என்ரை அம்மாவைக் கண்டனீயோ?” என்று கேட்கும். “நான் குனிஞ்சு தண்ணியைத்தான் பாத்தனான், பனையைக் கேள்” என்னும் துலா. “நான் நிமிர்ந்து வானத்தைத்தான் பாத்தனான், வேலியைக் கேள்” என்னும் பனை. ஒவ்வொரு முறையும் துலாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் திரும்பச் சொல்லுவார். சுற்றுக்குச் சுற்று குரல் தாழும், இடைவெளி நீளும். நான் “ம்” கொட்ட வேண்டும். “ம்” பிந்தினால், பனை துலாவின் பேச்சைப் பேசும்படி வேண்டுமென்றே மாற்றிச் சொல்லுவார். விழித்திருந்தால் திருத்துவேன். திருத்தாவிட்டால் நித்திரை என்று அர்த்தம். கதையில் வேலிக்கு அப்பால் நான் ஒருநாளும் போனதில்லை.

அந்த மழைக்காலத்தில் அப்பா வீட்டில் இல்லை. “பெரியம்மா வீட்டை போயிட்டார், நாளைக்கு வந்திடுவார்” என்றாள் அம்மா. நாளைகள் பல போயின. அம்மாவின் இழுப்பு மருந்து முடிந்துவிட்டது எனக்குத் தெரியும். கிணற்றடியில் பக்கத்து வீட்டு மாமி “கிளாலி” என்று தொடங்கி, என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டதும் தெரியும். இரவில் படகேறிக் கடக்கப் போனவர்களில் சிலர் திரும்பி வராத கடல்நீர்க் களப்பு அது. நான் நித்திரையானபின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்கிறார்கள் என்பதைக் காலையில் இடம் மாறி நிற்கும் சைக்கிளே காட்டிக்கொடுத்தது. எனக்குத் தெரியக்கூடாத ஏதோ ஒன்று என் “ம்” நின்ற பிறகுதான் பேசப்படுகிறது என்று நான் உறுதியாக நம்பினேன். கதையே என்னை அப்புறப்படுத்தும் தந்திரம் என்றுகூடத் தோன்றியது.

ஆகவே ஓர் இரவு, பனை முடிந்ததும் “ம்” கொட்டாமல் கிடந்தேன்.

அம்மப்பா பொறுத்திருந்தார். பிறகு மெதுவாக, “துலா சொல்லிச்சுதாம், நான் வானத்தைத்தான் பாத்தனான்” என்றார். திருத்த நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இனி எழும்புவார், அம்மாவிடம் குசுகுசுப்பார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பவில்லை. குட்டி வேலியைத் தாண்டியது. “எனக்கு முதுகிலை கண் இல்லை, ஒழுங்கையைக் கேள்” என்றது வேலி.

“பிள்ளை நித்திரையாப் போச்சு, ஐயா. இனி ஆருக்குக் கதை?” இருட்டுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்.

“கதையைப் பாதியிலை விட்டா, பயணம் வெளிக்கிட்ட ஆள் வழியிலை நிண்டிடும் எண்டு எங்கடை ஆச்சி சொல்லுறவ. குட்டியைச் சேர்த்துப்போட்டு வாறன்.”

அம்மப்பா தொடர்ந்தார். வேலிகளுக்கு இடையில் ஓடும் அந்த ஒழுங்கை குட்டியிடம், “இப்பதான் ஒருத்தி வந்து, என்ரை பிள்ளையைக் கண்டனீயோ எண்டு கேட்டவள். நீ அசையாமல் நில்” என்றதாம்.

“ம்” என்றாள் அம்மா.

குட்டி கத்த, ஒழுங்கையின் மற்ற அந்தத்திலிருந்து தாய் கத்த, இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. அம்மா கடைசிவரை “ம்” கொட்டினாள். அன்றிரவு றேடியோ போடவில்லை.

காலையில் சுருட்டைப் பற்றவைத்தபடி, “துலா வானத்தைப் பாத்தா தண்ணி ஆர் அள்ளுறது?” என்றார் அம்மப்பா.

“நீங்கள்தானே அப்பிடிச் சொன்னனீங்கள்!” என்றேன்.

“அடி கள்ளி!” என்று அவர் சிரித்தபோதுதான் அகப்பட்டது புரிந்தது. அதற்கு முன்பே, இருட்டிலேயே அவருக்குத் தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் இன்றுவரை எனக்குண்டு.

சில நாட்களில் அப்பா, சேறு படிந்த காலோடும் மருந்துப் பையோடும் வந்து சேர்ந்தார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அப்படி வாய்க்கவில்லை.

இப்போது மருதனார்மடத்தில் இருக்கிறோம். கிணற்றில் மோட்டர். துலா என்றால் என்னவென்று மகளுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. அம்மப்பா இல்லை. என் அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறோம். மகளிடம் கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அது சரியா என்று ஒவ்வொரு மணித்தியாலமும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். கதையின் முடிவையேனும் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா? ஒருமுறைதான் கேட்டது.

நேற்று, பனை முடிந்ததும் அவளுடைய “ம்” நின்றது. துலா வானத்தைப் பார்த்தது என்றேன். அவள் திருத்தவில்லை. ஆனால் இமைகள் மிக இறுக்கமாக மூடியிருந்தன.

தொண்டையைச் செருமிக்கொண்டு, குட்டியை வேலி தாண்டி ஒழுங்கைக்குக் கூட்டிப்போனேன்.