ரெமி சார் பேரில் ஒரு சிம்

ரெமி சார் டீயை வாங்கியதும் குடிக்க மாட்டார். கப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலால் போனில் வைஃபையை அணைப்பார். எதையோ தட்டிவிட்டு உதட்டைக் கடித்தபடி நிற்பார். திரையில் ஒரு வரி வந்த பிறகுதான் முதல் வாய் டீ. அதற்குள் ஏடு கட்டியிருக்கும். நான் அந்த ஆபீஸ் பேன்ட்ரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். ஏன் என்று கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

"பின்வாசல் தொறந்திருக்கான்னு பாக்கறேங்க்கா" என்றார்.

"அதுக்கு வைஃபைய எதுக்கு சார் ஆஃப் பண்றீங்க?"

"முன்வாசல் வழியா உள்ள போயிட்டு, பின்வாசல் நல்லாயிருக்குன்னு சொன்னா எப்படி?"

ரெமிஜியஸ் என்பது முழுப் பெயர். ஜீவனஹள்ளிக்காரர். ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் ஆபீஸ் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் கம்பெனி. கிடங்கு ஒரு ராத்திரி பஸ் தூரத்தில், ஹுப்பள்ளியில். அங்கே பில் போடுவது, இன்சுலின் வைக்கும் குளிர் அறையின் சூட்டைப் பார்ப்பது எல்லாம் நெட்வொர்க் வழியாகத்தான். அது நின்றால் கிடங்கும் நின்றுவிடும். அதைக் கட்டி மேய்ப்பவர் ரெமி சார்.

முன்பெல்லாம் அங்கே நெட்வொர்க்கைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் மக்கர் செய்தால் இவர்தான் பஸ் ஏறுவார். இங்கிருந்து அதைத் தொடுவதற்கு இருந்த ஒரே வழி கிடங்குக்குப் போகும் இன்டர்நெட் லைன்தான். லைனே செத்துப்போனால் எதை வைத்துத் தொடுவது? மகள் ஆஞ்சலா பிறந்த அன்றும் அவர் ஹுப்பள்ளி பஸ்ஸில்தான் இருந்தார். மனைவி மௌரீன் பிரசவ வலியில் போன் போட, இவர் தாவணகெரே தாண்டி சிக்னல் இல்லாமல் உட்கார்ந்திருந்தாராம்.

திரும்பி வந்ததும் ஒரு சின்னப் பெட்டி வாங்க ஏற்பாடு செய்தார். பெட்டியிலிருந்து ஒரு வயர், ஸ்விட்சை நேரடியாகத் தொடும் கன்சோல் துளையில் எப்போதும் சொருகியிருக்கும். பெட்டிக்குள் ஒரு சிம். கிடங்கின் லைனை நம்பாமல் பெட்டி அந்த சிம் வழியாகத் தானே வெளியே போய், வேறு ஊரில் வாடகைக்கு எடுத்த ஒரு கணினியில் காத்திருக்கும். ரெமி சாரின் போனும் அங்கே போய் அதைப் பிடித்துக்கொள்ளும். லைன் செத்தாலும் ஸ்விட்ச் கைக்கு எட்டும். கம்பெனி பேரில் சிம் வாங்க மும்பையிலிருந்து கையெழுத்து வரவேண்டும் என்றார்கள். இனி வீட்டில் இருக்கலாம் என்ற சந்தோஷத்தில் அவர் காத்திருக்கவில்லை. மூலைக் கடையில் தன் ஆதாரைக் கொடுத்துத் தன் பேரிலேயே வாங்கிப் போட்டுவிட்டார்.

அந்தப் பெட்டி வேலை செய்ததை நானே பார்த்திருக்கிறேன். கிரண் என்று ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருந்தான். ஸ்விட்சில் ஒரு புது வழியைச் சேர்க்கப் போனவன், 'சேர்' என்ற சொல்லை விட்டுவிட்டுக் கட்டளையை அடித்துவிட்டான். பழைய வழிகள் எல்லாம் அழிந்து புதியது மட்டும் நின்றது. கிடங்கு திரையிலிருந்து காணாமல் போனது. அவன் பேன்ட்ரிக்கு ஓடி வந்தான்.

"ரெமிண்ணா, போச்சு! நானே வெளிய நின்னு கதவ பூட்டிக்கிட்டேன்."

"சாவிய உள்ள வெச்சுட்டு பூட்டினியா? உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான்டா பின்வாசல் கட்டியிருக்கு."

என் டீ மேசையிலேயே லேப்டாப்பை வைத்து, போனின் டேட்டாவைக் கொடுத்து, பெட்டி வழியாகக் கன்சோலுக்குள் போய்ப் பழையதைத் திரும்பப் போட்டார். கிடங்கு திரும்ப வந்தது. யாரும் பஸ் ஏறவில்லை.

போன வருஷம் மௌரீனுக்குக் கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஆஞ்சலாவைக் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். ரெமி சாருக்கும் அங்கே ஒரு மில்லில் வேலை தயாராக இருந்தது. ராஜினாமா கொடுத்தார். மேனேஜர் மஞ்சுநாத் கெட்டவர் இல்லை.

"ஏனு ரெமி, தாராளமா போ. ஆனா நீ இல்லாம பின்வாசல் தொறக்கணும். கிரண் அத டெஸ்ட் பண்ணிக் காட்டட்டும், அன்னிக்கே ரிலீவிங் லெட்டர் தரேன்."

அந்தக் கடிதம் இல்லாமல் மில்லில் சேர முடியாது.

"அதுல இருக்கறது என் சிம் சார்."

"அப்படியே விட்டுட்டுப் போயேன்."

"நாளைக்கு அதுல எவனாவது ஏதாவது பண்ணா போலீஸ் என் வீட்டுக் கதவத்தானே தட்டும்?"

மஞ்சுநாத் மும்பைக்கு எழுதினார். கடைசியில் மும்பையிலிருந்து ஒரு கம்பெனி சிம் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிடங்கு வாட்ச்மேன் கிருஷ்ணப்பா போனில் கேட்டுக் கேட்டு அதைப் பெட்டியில் மாற்றினார். லைனைப் பிடுங்கிவிட்டு டெஸ்ட் செய்யவேண்டும் என்றார் ரெமி சார். பில் ஓடுகிற நேரத்தில் பிடுங்கக் கூடாது என்றார் மஞ்சுநாத். மில்லில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். ரெமி சாரின் பை என் பேன்ட்ரி அலமாரியின் கீழே இருந்தது. சாயங்காலம் கோயம்புத்தூர் பஸ்.

நான் டீ கொண்டுபோனபோது கிரண் பெட்டியின் முகவரியை அடித்தான். பெட்டி உடனே பேசியது.

"வந்துருச்சு அண்ணா! பாருங்க, கன்சோல்!"

"ஆய்த்து" என்று மஞ்சுநாத் கை தட்டினார். "லெட்டர் பிரிண்ட் போடச் சொல்றேன். மகள போய்ப் பாரு."

ரெமி சார் கையில் டீ இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கிரணின் லேப்டாப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைஃபை எரிந்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து கிடங்கு நெட்வொர்க்குக்கும் ஒரு வயர் போகிறது என்று எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். கிரண் ஆபீஸ் வைஃபையிலிருந்து கிடங்கு லைனைப் பிடித்து, அந்த வயர் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறான். அது முன்வாசல்.

அடுத்த அறையில் பிரின்டர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் திறந்த கதவு வழியாக பேன்ட்ரி அலமாரிக்குக் கீழே இருந்த பையைப் பார்த்தார். டீயைப் பார்த்தார். வாய் திறக்காமல் இருந்தால் போதும், பஸ் ஏறிவிடலாம். என்றைக்காவது லைன் செத்து, பெட்டியும் பேசாமல், குளிர் அறையின் சூடு யாருக்கும் தெரியாமல் ஏறும்போது இவர் கோயம்புத்தூரில் இருப்பார். யாரும் இவரைக் கேட்கப் போவதில்லை.

"கிரண்" என்றார். "வைஃபைய ஆஃப் பண்ணு. போன் டேட்டால வா."

கிரண் அணைத்துவிட்டு அடித்தான். காத்திருந்தான். மறுபடி அடித்தான். ஒன்றும் வரவில்லை. புது சிம்மில் டேட்டாவே திறந்திருக்கவில்லை.

"சும்மா இருந்திருக்கலாம்ல அண்ணா" என்றான் கிரண், மெதுவாக.

ரெமி சார் ஸ்பீக்கரில் கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டு, பழைய சிம்மை எறிந்துவிட்டாரா என்று கேட்டார்.

"இல்லா சார், பர்ஸ்நல்லி இதே." பர்ஸில் பத்திரமாக இருந்தது.

"அதே வாபஸ் ஹாக்கப்பா" என்று, அதையே திரும்பப் போடச் சொன்னார்.

பிரிண்ட் ஆன கடிதத்தை மஞ்சுநாத் மடித்து மேசை டிராயரில் வைத்தார். "ஒரு வாரம் ரெமி. மும்பைக்கு எழுதறேன்" என்றார். அவரால் ரெமி சாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரெமி சார் படிக்கட்டுக்குப் போய் மௌரீனிடம் பேசினார். பேசினதை விடக் கேட்டதுதான் அதிகம். திரும்பி வந்து பையை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

அந்த வாரம் முடிந்து மழைக்காலமும் முடிந்துவிட்டது. மில் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். புது சிம்மில் டேட்டா திறக்கக் கையெழுத்துப் போடவேண்டியவர் மாறிவிட்டார், வந்த புதியவருக்கு முதலிலிருந்து எழுதவேண்டும் என்கிறார்கள். மௌரீனும் ஆஞ்சலாவும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். ரெமி சார் இரண்டாவது சனிக்கிழமைகளில் போய் வருகிறார், லேப்டாப்போடு. ஹுப்பள்ளிப் பெட்டியில் இன்றும் அவர் பேரில் இருக்கும் சிம்தான் இருக்கிறது, வேலை செய்கிறது.