பின்வரிசை டின்கள்

அந்தக் கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் தேதியக்கா. பதினோரு வருடமாக ரேக் அடுக்குகிறாள். டின்னைக் கவிழ்த்து அடியில் இருக்கும் தேதியைப் பார்த்து, முதலில் காலாவதியாவதை முன்னால் தள்ளி, நாள் இருப்பதைப் பின்னால் வைப்பாள். வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முழங்கை வரை உள்ளே விட்டுப் பின்னாலிருந்துதான் உருவுவார்கள். பெற்ற மகளே அப்படித்தான். அதற்கு அம்மாதான் வாத்தியார்.

வேலை நிரந்தரமாவதற்கான காகிதம் சூப்பர்வைசர் கையெழுத்துக்காகக் காத்திருந்த சமயம். இன்னொரு கிளையில் விற்காமல் தேங்கிய குழந்தைப் பால் பவுடர் முப்பது டின் வந்து இறங்கியது. கவிழ்த்துப் பார்த்தாள். செப்டம்பர். ரேக்கில் ஏற்கெனவே இருந்தவையோ டிசம்பர். வந்ததை முன்வரிசையில் வைத்தாள்.

சூப்பர்வைசர் பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தவர். அதற்கு மேல் யோசிப்பது அவர் சம்பளத்தில் சேர்த்தி இல்லை போலும்.

"இன்னிக்கு வந்த சரக்க ஏன் முன்னாடி வச்சிருக்கீங்க?"

"இதுக்குத்தான் தேதி கம்மி சார். செப்டம்பரோட முடியுது."

"பழசு முன்னாடி, புதுசு பின்னாடி. மாத்துங்க. எதிர்த்துப் பேசுற ஆளுக்கு நான் கையெழுத்து வேற போடணுமா?"

மாற்றினாள். அவர் முதுகு திரும்பியதும் சரிசெய்துவிடலாம் என்று தினமும் நினைத்தாள். கையெழுத்து விழட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தினமும் தள்ளிப்போட்டாள். செப்டம்பர் கடைசியில் காய்ச்சலில் படுத்தாள். மாசக் கடைசித் தேதிச் சோதனையை சூப்பர்வைசர் முன்வரிசையோடு முடித்துக்கொண்டார்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, மகள் இடுப்பில் குழந்தையும் கையில் திறந்த டின்னுமாகக் கடைக்குள் வந்து நின்றாள்.

"இது முடிஞ்சு எட்டு நாளாச்சு. நாலு நாளா குழந்தைக்கு இதைத்தான் கரைச்சுக் குடுத்துட்டு இருக்கேன்."

அவள் யார் மகள் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது.

"ரேக் இந்தம்மா பொறுப்பு மேடம். பதினோரு வருஷ அனுபவம்னு பேரு, ஒரு தேதி பாக்கத் தெரியல."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். தேதி பார்க்கத் தெரியாது என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது.

"எனக்கா தெரியாது? வந்த அன்னிக்கே சொன்னேன், செப்டம்பரோட முடியுதுன்னு. பின்னாடி வைக்கச் சொன்னதே நீங்கதான்."

பில் போடுகிற பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். காகிதம் போனால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. மனசு நிறைந்திருந்தது, மகள் முகத்தைப் பார்க்கும் வரைக்கும்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் மகள். "போன வாரம் உன்னைப் பாக்க வந்தேனேம்மா. ஒரு வார்த்தை சொல்லலையே."

காய்ச்சலில் மறந்துபோச்சு என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

குழந்தை பாட்டியிடம் வரத் தாவியது. மகள் அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனாள்.