ஜர்னல் காட்டிய இரண்டாவது வரி

அன்று அந்த ஊதுவத்திக் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கடை முதலாளி, அவருடைய மாப்பிள்ளை, கணக்கு எழுதும் அம்மா, நான். மைசூர் அக்ரஹாரத்தில் மொத்த வியாபாரக் கடை அது; கொள்ளேகாலிலிருந்து வந்த, தமிழில் கன்னடம் கலந்து பேசும் குடும்பம். நஞ்சன்கூடு வரைக்கும் இருக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் போனிலேயே ஆர்டர் போட வேண்டும் என்று கேட்டார்கள். லினக்ஸ் பெட்டி ஒன்றில் வெப் சர்வர் நிறுவி, வெள்ளிக்கிழமையே ஓடவிட்டுக் கொடுத்திருந்தேன். முதலாளியின் நிபந்தனை ஒன்றுதான். திங்கட்கிழமை அவர் கண்முன்னால் மெஷினை அணைத்துப் போட வேண்டும். ஆர்டர் பக்கம் தானாக வந்து நிற்க வேண்டும். பாக்கிப் பணம் அதற்கப்புறம். அதை நம்பி வீட்டுக்காரரிடம் வாடகைக்கு நாள் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அணைத்துப் போட்டோம். பக்கம் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எது கெட்டாலும் முதலில் என்னைத்தான் சந்தேகிப்பேன். பூட் ஆகும்போது தானாகத் தொடங்கும்படி வெப் சர்வர் சர்வீஸை அமைக்க மறந்துவிட்டேனா? இல்லை, அமைத்திருந்தேன். சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அதைத் தொடங்கப் பார்த்திருக்கிறது, தொடக்கமே தோற்றிருக்கிறது. நிலவரம் கேட்டபோது சிவப்பில் ‘ஃபெயில்டு’ என்றது.

மாப்பிள்ளை இன்ஜினியரிங் படித்தவர். “நீ எதுவரைக்கும் படிச்சிருக்க குரு?” என்று கணக்கம்மாவுக்கும் காதில் விழும்படி கேட்டார். மைசூரில் யாரையும் அழைக்கும் ‘குரு’ அது. சொன்னேன். “அதான” என்று சிரித்தார். எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் பண்ணச் சொன்னார். மெஷினில் நடப்பதெல்லாம் பதிவாகும் ஜர்னலை ஏற்கெனவே பார்த்தாயிற்று, அதில் ஒன்றுமே இல்லை என்றார். நிர்வாகி உரிமையோடு கட்டளை கொடுக்க முன்னால் ‘சூடோ’ போட வேண்டும்; அவர் அதைப் போடாமல் பார்த்திருக்கிறார். உரிமை இல்லாதவருக்கு சர்வீஸ்களின் வரிகளை ஜர்னல் காட்டாது. தனக்குக் காட்டவில்லை என்பதை, இல்லவே இல்லை என்று படித்துவிட்டார்.

நான் சூடோவோடு, அந்த சர்வீஸின் வரிகளை மட்டும் எடுத்தேன். கடைசி வரி, தொடங்க முடியவில்லை என்று மட்டும் சொல்லும். காரணம் அதற்கு மேலே இருக்கும். மேலே போனேன். ‘அன்நோன் டைரக்டிவ்’, தெரியாத கட்டளை என்று ஒரு வரி. அதன் வால் திரையின் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. அம்புக்குறியைத் தட்டி நகர்த்தினேன். சர்வருக்கான கட்டளைகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைல், இரண்டாவது வரி.

ஃபைலைத் திறந்தால் இரண்டாவது வரியில் ஒரு குறையும் இல்லை. முதல் வரியில் தனியாக நின்றது ஒரு ‘உ’. பிள்ளையார் சுழி. அரைப்புள்ளி வரும்வரை ஒரே கட்டளையாகப் படிப்பது அந்த சர்வரின் வழக்கம். சுழியையும் அடுத்த வரியையும் சேர்த்துப் படித்து, முடிந்த இடத்தில் திட்டியிருக்கிறது.

யார் போட்டது என்று கேட்டேன்.

“நான் அந்தப் பக்கமே போகல. இவருதான் ஏதோ பண்ணியிருக்காரு மாமா,” என்றார் மாப்பிள்ளை. கண் இமைக்கவில்லை.

என்னிடம் கூச்சம் இல்லாமல் பொய் சொன்னவர்கள் உண்டு. இவ்வளவு அருவருப்பு எப்போதும் வந்ததில்லை. சூடோ போட்டுச் செய்வதும் அதே ஜர்னலில் பதிவாகும். தேடி எடுத்து உரக்க வாசித்தேன்: சனிக்கிழமை காலை ஏழு பன்னிரண்டு, மாப்பிள்ளைக்கென்று நான் போட்டுக்கொடுத்த பயனர் பெயர், திறந்த ஃபைல் இதுவே. வெள்ளிக்கிழமை தொடங்கிய சர்வர் ஃபைலை முன்பே படித்துவிட்டதால் இரண்டு நாளும் எதுவும் தெரியவில்லை. அணைத்துப் போட்டதும்தான் புதிதாகப் படித்தது.

முதலாளிதான் பேசினார்.

“நாந்தாம்ப்பா போடச் சொன்னேன். புதுக் கணக்குன்னா சுழி போடாம எப்படி ஆரம்பிக்கிறது?”

சுழியின் மேல் எனக்கென்ன கோபம்? நானும் போடுகிறவன்தான். அவரும் அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாரே, அதுதான் குமட்டியது. நான் ஒரு ஆள் மாட்டிக்கொண்டு விழிப்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சுழியை அழிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டேன்; அப்படிப் போட்ட வரியை சர்வர் படிக்காது. சோதனை ஓட்டினேன், சரி என்றது. மறுபடி அணைத்துப் போட்டோம். பக்கம் தானாக வந்தது. கணக்கம்மா தன் போனிலிருந்து இரண்டு பெட்டி சந்தன வத்திக்கு ஆர்டர் போட்டுப் பார்த்து, “ஆய்த்து, வந்துருச்சு” என்றார்.

பணம் கேட்டேன்.

“ஒரு குறி போட்டதுக்கு இவ்வளவா?” என்றார் மாப்பிள்ளை.

“மொதல் தடவையே எந்திரிக்கலையே, அல்வா?” என்று ‘இல்லையா’வைக் கன்னடத்தில் கேட்டார் முதலாளி. “ஒரு மாசம் ஓடட்டும். பாக்கலாம்.”

சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ‘சரிங்க சார்’ இன்னும் வாயில் கசக்கிறது. நான்கு மாதம் ஆகிறது. ஒரு நாளும் நிற்கவில்லை. பயத்தில் தினமும் காலையில் போனில் திறந்து பார்க்கிறேன். பேசியது எட்டாயிரம், முன்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு. வர வேண்டியது இன்னும் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்.